படம் மங்குகிறது, ஆனால் நிற்கவில்லை: இணைப்பு தடுமாறும்போது வீடியோ என்ன செய்கிறது, கோளாறை எங்கே தேடுவது

அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மாலையில் மடிக்கணினியில் யூடியூபைத் திறந்து கணக்குப் பாடம் பார்ப்பது வழக்கம். ஒரு நாள் அவளே என்னை அழைத்தாள். “மாமா, பலகையில் எழுதுவது திடீரென்று கலங்கிவிடுகிறது. x-க்கு மேலே இருப்பது 2-ஆ 3-ஆ என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது.” அத்தான் ஏற்கெனவே தன் கைபேசியில் வேகச் சோதனை செய்து பார்த்திருந்தார். 40 மெகாபிட் வந்ததாம். “இணைப்பில் ஒரு குறையும் இல்லை. கணினிதான் பழையது” என்பது அவருடைய முடிவு.

அத்தான் பார்த்த எண் சரியானதுதான். ஆனால் படம் மங்கிய பிறகு அளந்தார். மங்கலுக்குக் காரணமான தடுமாற்றம் அதற்கு அரை நிமிடம் முன்பே வந்து போய்விட்டது. இந்தக் கால இடைவெளி ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால்தான் கோளாறைச் சரியான இடத்தில் தேட முடியும். எனவே முதலில் அதைச் சொல்கிறேன்.

மங்கல் ஏன் தாமதமாகத் தெரிகிறது

இணையத்தில் வரும் வீடியோ ஒரே கோப்பாக வருவதில்லை. சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக அது வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராகச் சேவையகத்தில் இருக்கும். எந்தத் துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவு செய்வது சேவையகம் அல்ல. உங்கள் கணினியில் ஓடும் பிளேயர்தான். கடைசியாக வந்த துண்டுகள் எத்தனை வேகத்தில் இறங்கின, கையிருப்பில் இன்னும் எத்தனை விநாடி இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்து அது முடிவெடுக்கிறது. அந்தக் கையிருப்பைத்தான் பஃபர் என்கிறோம். வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி போன்றது அது. குழாயில் தண்ணீர் வருவது குறைந்தாலும் தொட்டியில் இருப்பது தீரும் வரை கீழே தெரியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு துண்டு 4 விநாடி. 1080p தரத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட், 480p தரத்துக்கு 1.2 மெகாபிட் தேவை என்று வைத்துக்கொள்வோம். இணைப்பு 12 மெகாபிட்டில் ஓடுகிறது, பஃபரில் 24 விநாடி இருக்கிறது. இப்போது இணைப்பு திடீரென்று 2 மெகாபிட்டுக்கு விழுகிறது. அந்தக் கணத்தைப் பூஜ்ஜியம் என்று கொள்ளுங்கள்.

அந்தக் கணத்தில் பிளேயர் ஒரு 1080p துண்டைக் கேட்டிருக்கிறது. அதன் அளவு 20 மெகாபிட். முன்பு இரண்டு விநாடிக்குள் வந்து சேர்ந்திருக்கும். இப்போது 10 விநாடி ஆகிறது. அந்த 10 விநாடியும் படம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே பஃபரில் 10 குறைந்து 4 சேர்கிறது, மீதம் 18. இதே தரத்தில் தொடர்ந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் 6 விநாடி இழப்பு. 24, 18, 12, 6 என்று இறங்கி, நான்காவது துண்டு வந்து சேரும் முன்பே 36-ஆவது விநாடியில் தொட்டி வற்றும். வட்டம் சுழலத் தொடங்கும்.

பிளேயர் அதுவரை காத்திருப்பதில்லை. முதல் துண்டு 10 விநாடி எடுத்துக்கொண்டதுமே அடுத்ததை 480p தரத்தில் கேட்கிறது. அதன் அளவு 4.8 மெகாபிட், 2.4 விநாடியில் வந்துவிடும். இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் பஃபர் குறைவதற்குப் பதிலாக 1.6 விநாடி கூடுகிறது. படம் நிற்பதற்கு முன்பே தரம் இறங்குவதற்கான காரணம் இவ்வளவுதான். பஃபர் தீர்ந்த பிறகு தரத்தைக் குறைத்துப் பயனில்லை. அதற்குள் படம் நின்றிருக்கும். தரத்தை விட்டுக்கொடுத்துக் கையிருப்பைக் காப்பாற்றும் இந்த முடிவைத் தொட்டியில் தண்ணீர் இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். மங்கலான படத்தைவிட நின்றுபோன படம்தான் பார்ப்பவரை விரட்டுகிறது என்பது அனுபவத்தில் கண்டது என்பதால், இதை வடிவமைத்தவர்கள் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஆனால் பலகையில் எழுதும் பாடத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு இந்தப் பேரம் அத்தனை லாபமானதல்ல என்பது என் எண்ணம். மங்கிய அடுக்குக்குறியைவிட ஐந்து விநாடி காத்திருப்பு அவளுக்கு மேல்.

இனி முக்கியமான இடம். 480p துண்டு கேட்கப்பட்டது 10-ஆவது விநாடியில். ஆனால் அதற்கு முன்னால் 18 விநாடி நல்ல தரப் படம் வரிசையில் நிற்கிறது. அது ஓடி முடிந்து மங்கலான துண்டு திரைக்கு வருவது 28-ஆவது விநாடியில். இதற்கிடையே இணைப்பு 20-ஆவது விநாடியிலேயே பழையபடி 12 மெகாபிட்டுக்குத் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நான்கு மங்கல் துண்டுகள் வந்து சேர்ந்துவிட்டன. எச்சரிக்கையாக இன்னொன்றையும் பிளேயர் அதே தரத்தில் கேட்டிருக்கும். ஐந்து துண்டுகள், 20 விநாடி. திரையில் 28 முதல் 48 வரை மங்கல்.

கோளாறு நடந்தது 0 முதல் 20 வரை. கண்ணுக்குத் தெரிந்தது 28 முதல் 48 வரை. இரண்டும் ஒரு விநாடிகூட ஒன்றன் மேல் ஒன்று படவில்லை. 30-ஆவது விநாடியில் கைபேசியை எடுத்து வேகம் பார்த்தால் நல்ல எண்தான் வரும்.

(பஃபரின் நீளம் பிளேயருக்குப் பிளேயர் மாறும். நீளம் கூடினால் இந்தத் தாமதமும் கூடும்.)

தேடும் முன் திரையில் திறந்து வைக்க வேண்டியவை

யூடியூபில் ஓடும் வீடியோ மீது வலது பொத்தானை அழுத்தி `Stats for nerds` என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூலையில் ஒரு சிறு கட்டம் வரும். அதில் மூன்று வரிகள் போதும். `Current / Optimal Res` வரியின் முதல் எண் இப்போது திரையில் ஓடும் தரம். `Buffer Health` கையிருப்பு எத்தனை விநாடி என்பது. `Viewport / Frames` வரியில் திரையில் காட்டாமல் தவறவிட்ட படச் சட்டங்களின் எண்ணிக்கை இருக்கும். அது கடைசி அறிகுறிக்கு வேண்டும்.

`Network Activity` வரி அவ்வப்போது பூஜ்ஜியத்துக்குப் போவதைப் பார்த்துப் பதற வேண்டாம். பஃபர் நிரம்பியதும் பிளேயர் கேட்பதை நிறுத்திவிட்டு, கொஞ்சம் இடம் காலியானதும் மீண்டும் கேட்கும். விட்டு விட்டு வருவதுதான் அங்கே ஆரோக்கியம்.

பக்கத்திலேயே இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து வையுங்கள். ஒன்று ரவுட்டரை அழைத்துப் பார்க்கும், மற்றொன்று வெளியுலகத்தை அழைத்துப் பார்க்கும். விண்டோஸில்:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

ரவுட்டரின் முகவரி உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம். `ipconfig` என்று கொடுத்தால் `Default Gateway` என்ற வரியில் அது தெரியும். பதில் ஒழுங்காக வரும்வரை விநாடிக்கு ஒரு வரி விழும். அந்த வரிகளே நமக்குக் கடிகாரம்.

அறிகுறி: மங்குகிறது, அரை நிமிடத்தில் தெளிகிறது, வேகச் சோதனை நன்றாக இருக்கிறது

அக்கா வீட்டில் இருந்தது இதுதான். படம் மங்கும் கணத்தில் நிகழ்காலத்தைப் பார்க்காதீர்கள். பஃபரில் வழக்கமாக எத்தனை விநாடி இருக்குமோ, அத்தனை வரிகள் மேலே போய் அங்கிருந்து இன்னும் பத்துப் பதினைந்து வரிகளைப் படியுங்கள். குற்றவாளி அந்தப் பகுதியில் இருப்பான்.

இரண்டு சாளரங்களையும் ஒப்பிட வேண்டும். ரவுட்டர் சாளரம் அமைதியாக இருந்து வெளியுலகச் சாளரம் மட்டும் தாறுமாறாக ஏறினால், கோளாறு வீட்டுக்கு வெளியே, அல்லது வெளியே போகும் கம்பி நிரம்பி வழிகிறது. ரவுட்டர் சாளரமே தடுமாறினால் கோளாறு வீட்டுக்குள், கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவே இருக்கும் வைஃபையில். அந்த நிலையில் சேவை நிறுவனத்தை அழைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை.

அக்கா வீட்டில் ரவுட்டரின் பதில் சாதாரணமாக 3 மில்லிவிநாடி. மங்கலுக்கு அரை நிமிடம் முன்பு இருந்த வரிகளில் 150, 380, 410 என்று ஏறி, நடுவே இரண்டு `Request timed out`, பிறகு மீண்டும் 3. இப்படி ஏறக்குறைய 20 வரிகள். அரை மணி நேரத்தில் நான்கு முறை வந்தது, நான்கு முறையும் சற்றுப் பின்னால் படம் மங்கியது. ஆக வைஃபைதான்.

அடுத்து, வீட்டில் உள்ள கருவிகளை ஒவ்வொன்றாக வைஃபையிலிருந்து துண்டித்துப் பார்த்தேன். தொலைக்காட்சியைத் துண்டித்தபோது மாற்றமில்லை. அத்தானின் கைபேசியும் காரணமில்லை. அக்காவின் கைபேசியைத் துண்டித்ததும் ரவுட்டர் சாளரம் அசையாமல் நின்றது. கைபேசி பின் அறையில், மூலையில் மின்னூட்டத்தில் இருந்தது. பகலில் எடுத்த படங்களையும் காணொளிகளையும் மேகச் சேமிப்புக்கு ஏற்றும் வேலையை அது மின்னூட்டத்தில் இருக்கும்போதுதான் செய்யும். “நான் எதுவும் பார்க்கவே இல்லையே தம்பி” என்றாள் அக்கா. உண்மைதான், கைபேசி தானாகச் செய்த வேலை.

ஒரு கைபேசி படம் ஏற்றுவதால் 40 மெகாபிட் இணைப்பு எப்படித் தடுமாறும்? வைஃபையில் ஒரே அலைவரிசையில் இருக்கும் கருவிகள் எல்லாம் ஒரே காற்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். ரவுட்டரிலிருந்து இரண்டு சுவர் தள்ளி, பலவீனமான சிக்னலில் இருக்கும் கைபேசி, தவறின்றிப் போய்ச் சேர்வதற்காகத் தன் பேச்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மெதுவாகப் பேசுவதால் அதே செய்தியைச் சொல்லி முடிக்க அதற்குப் பல மடங்கு நேரம் பிடிக்கிறது. அந்த நேரம் முழுதும் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் மடிக்கணினியும் வாய் மூடி நிற்கிறது. தொலைவில் இருக்கும் ஒரே கருவி எல்லோரையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும். ஒவ்வொரு காணொளியும் ஏறி முடியும்வரை தடுமாற்றம், பிறகு அமைதி. அதனால்தான் விட்டு விட்டு வந்தது.

செய்தது இரண்டு காரியம். மடிக்கணினியை ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றினேன். கைபேசி 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்ததால் இரண்டும் ஒரே காற்றில் மோதவில்லை. மின்னூட்டும் இடத்தைக் கூடத்துக்கு மாற்றச் சொன்னேன்; சிக்னல் நன்றாக இருந்தால் ஏற்றும் வேலை சீக்கிரம் முடியும். 5 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டிப் போவதில் பலவீனமானது. படிக்கும் அறைக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஒரே சுவர் என்பதால் அங்கே எடுபட்டது. இரண்டு மூன்று கான்கிரீட் சுவர்கள் இருந்தால் கம்பி இழுப்பதே வழி.

உங்கள் வீட்டில் குற்றவாளி வேறாக இருக்கலாம். மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சல் கிளப்பும். பால் சூடாக்கும் இரண்டு நிமிடம் மட்டும் தடுமாற்றம் வந்தால் அதைச் சந்தேகியுங்கள். ரவுட்டர் சாளரம் அமைதியாக இருந்து வெளியுலகச் சாளரம் மட்டும் ஏறினாலும் முதலில் ஏற்றும் வேலை ஏதாவது நடக்கிறதா என்று பாருங்கள். வெளியே போகும் பாதை நிரம்பினால், “துண்டு வந்து சேர்ந்தது” என்று உங்கள் கணினி அனுப்ப வேண்டிய ஒப்புதல்களும் அந்த வரிசையில் சிக்கிக்கொள்ளும்; உள்ளே வரும் வேகமும் அதனால் விழும்.

அறிகுறி: மங்கியது மங்கியபடியே இருக்கிறது, இணைப்பு சீரான பிறகும் ஏறுவதில்லை

பிளேயர்கள் இறங்குவதில் அவசரக்காரர்கள், ஏறுவதில் தயங்குபவர்கள். இணையதளங்கள் பலவற்றில் பயன்படும் `hls.js` என்ற திறந்த மூல பிளேயரின் இயல்பு அமைப்பில் இதை எண்ணாகவே பார்க்கலாம்:

```
abrBandWidthFactor: 0.95
abrBandWidthUpFactor: 0.7
```

இப்போது இருக்கும் தரத்தில் தொடர, அளந்த வேகத்தின் 95 விழுக்காட்டுக்குள் அந்தத் தரம் அடங்கினால் போதும். மேல் தரத்துக்கு ஏற, 70 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். உங்கள் இணைப்பு சீராக 6 மெகாபிட் என்று வையுங்கள். 95 விழுக்காடு என்றால் 5.7. ஏற்கெனவே 5 மெகாபிட் வேண்டும் 1080p தரத்தில் இருந்தால் அங்கேயே இருப்பீர்கள். ஒரு தடுமாற்றத்தில் கீழே இறங்கிவிட்டால் திரும்ப ஏற 70 விழுக்காடு, அதாவது 4.2 மட்டுமே கணக்கில் வரும். 5 அதற்குள் அடங்காது. அதே இணைப்பு, அதே வீடியோ; ஆனால் ஒருமுறை இறங்கியவருக்கு மேலே வழியில்லை. வேகத்தை அளப்பதிலும் இதே எச்சரிக்கை இருக்கிறது. அண்மைய சில விநாடிகளின் சராசரி ஒன்று, சற்று நீண்ட காலத்தின் சராசரி ஒன்று என இரண்டை வைத்துக்கொண்டு, எது சிறியதோ அதையே நம்புகிறது.

இந்தத் தயக்கத்துக்கு நல்ல காரணம் உண்டு. ஏறுவதும் இறங்குவதும் ஒரே எல்லையில் நடந்தால், எல்லையை ஒட்டி ஊசலாடும் இணைப்பில் படம் ஐந்து விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும்.

கண்டறிவது எளிது. `Buffer Health` நிறைந்து, ரவுட்டர் சாளரமும் வெளியுலகச் சாளரமும் அமைதியாக இருந்து, தரம் மட்டும் ஏறாமல் நின்றால், கோளாறு எதுவும் இல்லை, பிளேயரின் தயக்கம்தான். தரத்தை நீங்களே 1080p என்று தேர்ந்தெடுங்கள். 20 மெகாபிட் துண்டு 6 மெகாபிட் இணைப்பில் 3.3 விநாடியில் வந்துவிடும். 4 விநாடிப் படத்துக்கு அது போதும், ஆனால் மிச்சம் குறைவு. `Buffer Health` எண் இரண்டு நிமிடத்துக்குப் பிறகும் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடுங்கள். குறைந்துகொண்டே போனால் 720p-க்கு இறக்கிவிடுங்கள்.

கைபேசியில் இதே அறிகுறி தெரிந்தால் முதலில் யூடியூப் அமைப்புகளில் `Video quality preferences` பகுதியைத் திறந்து பாருங்கள். `Data saver` தேர்வாகியிருந்தால் எத்தனை வேகம் இருந்தாலும் தரம் கீழேதான் நிற்கும்.

அறிகுறி: மங்கவே இல்லை, தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றுவிட்டது

மங்கல் என்பது ஒரு முன்னெச்சரிக்கை. அந்த எச்சரிக்கை வரவில்லை என்றால், பிளேயருக்குத் தரத்தை இறக்க வாய்ப்பே கிடைக்கவில்லை என்று பொருள். எதனால் வாய்ப்பு போனது என்று தேட வேண்டும்.

தரத்தைக் கையால் பூட்டி வைத்திருக்கிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். பூட்டினால் பிளேயர் இறங்காது. மேலே போட்ட கணக்கில் 36-ஆவது விநாடியில் நின்று, அடுத்த துண்டு வந்த பிறகு 4 விநாடி ஓடி 6 விநாடி நிற்கும். சென்ற வாரம் நல்ல இணைப்பில் பூட்டியதை மறந்துவிட்டு இன்று இணைப்பைத் திட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பூட்டவில்லை என்றால், இணைப்பு குறைந்ததா, முழுதாக அறுந்ததா என்று பாருங்கள். ரவுட்டர் சாளரத்தில் தொடர்ந்து `Request timed out` மட்டுமே இருந்தால் அறுந்திருக்கிறது. ஒரு பிட்டும் வராதபோது எந்தத் தரத்தைக் கேட்டாலும் வராது. பஃபரில் இருக்கும் நல்ல தரப் படம் கடைசி விநாடி வரை தெளிவாக ஓடி, பிறகு நிற்கும்.

வீடியோவை முன்னே தள்ளிப் பார்த்த உடனே நின்றால், அது வேறு. தள்ளிய இடத்துக்கு இதுவரை சேர்த்த கையிருப்பு உதவாது, தொட்டி காலி. அந்த நேரத்தில் இணைப்பு விழுந்தால், கேட்டுவிட்ட பெரிய துண்டு வந்து சேரும் முன்பே இருப்பு தீர்ந்துவிடும். நல்ல பிளேயர்கள் அந்தத் துண்டைப் பாதியில் கைவிட்டுச் சிறியதைக் கேட்கும். ஆனாலும் ஒரு நிறுத்தம் தவிர்க்க முடியாதது. அதை இணைப்பின் கோளாறாகக் கொள்ள வேண்டாம்.

நேரலைதான் இதில் மிகக் கடினம். இன்னும் நடக்காததை முன்கூட்டியே சேர்த்து வைக்க முடியாதல்லவா? வீடியோவைத் துண்டுகளாக அனுப்பும் எச்எல்எஸ் என்ற முறையை வரையறுக்கும் 2017-ஆம் ஆண்டின் ஆவணம், நேரலையின் முனையிலிருந்து குறைந்தது மூன்று துண்டு நீளம் பின்தங்கியே ஓடத் தொடங்குமாறு பிளேயருக்குச் சொல்கிறது. துண்டு 6 விநாடி என்றால் 18 விநாடி. 2 விநாடி என்றால் வெறும் 6. பந்து விழுந்ததைப் பக்கத்து வீட்டாருக்கு முன்பே பார்க்க வேண்டும் என்று தாமதத்தைக் குறைக்கக் குறைக்கக் கையிருப்பும் குறைகிறது. நமது கணக்கில் 10 விநாடி எடுத்துக்கொண்ட அந்த முதல் துண்டு, 6 விநாடி இருப்பில் வந்திருந்தால் மங்கலுக்கு முன்பே படம் நின்றிருக்கும். யூடியூப் நேரலையில் `Live Latency` என்ற வரியும் அதே கட்டத்தில் வரும். அது சிறிதாக இருந்தால் உங்கள் பாதுகாப்பும் சிறிது. வீடியோவைச் சற்றுப் பின்னால் இழுத்து, நேரலையிலிருந்து ஒரு நிமிடம் பின்தங்கிப் பாருங்கள். சேர்த்து வைக்க இடம் கிடைக்கும், நிற்பது பெரும்பாலும் குறைந்துவிடும்.

அறிகுறி: படம் தெளிவு, பஃபரும் நிறைவு, ஆனால் அசைவு வெட்டி வெட்டித் தெரிகிறது

இது இணைப்பு அல்ல. `Viewport / Frames` வரியில் `dropped` என்ற எண் ஓடிக்கொண்டே இருந்தால், துண்டுகள் நேரத்துக்கு வந்துவிட்டன, அவற்றை விரித்துப் படமாக்கக் கணினியால் முடியவில்லை. `Codecs` வரி `av01` என்று தொடங்கினால் வீடியோ AV1 என்ற புதிய சுருக்க முறையில் வருகிறது; பழைய கணினிகளில் அதை விரிப்பதற்குரிய வன்பொருள் இல்லாமல் முழுச் சுமையும் செயலி மீது விழும். உலாவியின் அமைப்புகளில் வன்பொருள் முடுக்கம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், தரத்தை 720p-க்கு இறக்குங்கள். எண் ஓடுவது நின்றுவிட்டால் அந்த ஒரு வீட்டில் அத்தான் சொன்னதே சரி. ரவுட்டரைத் தொட வேண்டாம்.